வீடு முடியும் முன்பே ஓடும் வட்டி: கட்டுமானக் கடனில் ப்ரீ இ.எம்.ஐ. கணக்கு

"சார், ஆறு மாசமா மாசாமாசம் கட்டிட்டு இருக்கேன். பாக்கி ஒரு ரூபா கூடக் குறையலையே?" பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் யாரிடம் பேசினாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். வங்கி ஏமாற்றவில்லை. அவர் கட்டிக்கொண்டிருந்தது தவணையே அல்ல, வட்டி மட்டும்.

கடன் மொத்தமாகக் கையில் வராமல் அஸ்திவாரம், லிண்டல், மேல்தளம் என்று வேலை ஏற ஏறப் பாகம் பாகமாக வரும்போது, முழுத் தவணை தொடங்கும் வரை வங்கி வாங்குகிற வட்டிக்குத்தான் ப்ரீ இ.எம்.ஐ. என்று பெயர். அதுவரை எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. அசல் அப்படியே நிற்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் முதல்முறையாகக் கடன் எடுத்துச் சொந்த மனையில் வீடு கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பில்டரிடம் ஃபிளாட் வாங்குகிறவர்களின் கதை வேறு, அதை இங்கே தொடவில்லை.

முதலில் கணக்கைக் கையால் போடப் பழகுங்கள்

வாய்பாடு ஒன்றே ஒன்றுதான். எடுத்த தொகையை ஆண்டு வட்டி சதவீதத்தால் பெருக்கி, நூறாலும் 365ஆலும் வகுத்தால் ஒரு நாள் வட்டி. அதை நாட்களால் பெருக்க வேண்டும். 8.5 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 23 ரூபாய் 29 காசு வரும். இந்த ஒரு எண் மனதில் இருந்தால் மீதியெல்லாம் பெருக்கல்தான். உங்கள் விகிதம் வேறாக இருந்தால் இதே போல் உங்கள் எண்ணை ஒருமுறை கண்டுபிடித்து டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் 1,200 சதுர அடி. மதிப்பீடு 38 லட்சம். கைக்காசு 8 லட்சம், கடன் 30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். வங்கி பெரும்பாலும் உங்கள் கைக்காசை முதலில் இறக்கச் சொல்லும். அதனால் அஸ்திவாரமும் பேஸ்மெண்டும் அந்த 8 லட்சத்தில் முடிந்தன. அப்புறம்தான் 2025 ஜனவரி 10ஆம் தேதி கடனின் முதல் பாகம் வந்தது, இப்படி வரும் ஒவ்வொரு பாகத்தையும்தான் ரிலீஸ் என்பார்கள். மழைக்கு முன் மேல்தளம் வார்த்துவிட வேண்டும் என்று ஓடியதில் ஏப்ரல் நடுவில் மூன்று ரிலீஸும் வாங்கியாயிற்று. பிறகு வேலை மெதுவாகி, டிசம்பரில்தான் முடிந்தது.

| காலம் | எடுத்திருந்த தொகை | நாட்கள் | வட்டி |
|---|---|---|---|
| ஜனவரி 10 முதல் பிப்ரவரி 28 வரை | 6 லட்சம் | 50 | ரூ. 6,986 |
| மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரை | 12 லட்சம் | 45 | ரூ. 12,575 |
| ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை | 21 லட்சம் | 139 | ரூ. 67,977 |
| செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை | 27 லட்சம் | 91 | ரூ. 57,218 |
| டிசம்பர் 1 முதல் 31 வரை | 30 லட்சம் | 31 | ரூ. 21,658 |

கூட்டினால் ஏறத்தாழ 1,66,400 ரூபாய். இவ்வளவும் கட்டி முடித்த அன்று கடன் பாக்கி 30 லட்சம்தான். மறு மாதம்தான் 26,035 ரூபாய் தவணை தொடங்கும், 240 மாதக் கணக்கும் அன்றுதான் ஆரம்பிக்கும். மதிப்பீடு போடும்போது சிமெண்ட், கம்பி, கூலி எல்லாம் எழுதுகிறோம். இந்த ஒன்றரை லட்சத்துச் சொச்சத்தை எழுதுகிறவர் குறைவு. கடைசியில் சமையலறை அலமாரிக்கு வைத்த பணம் காணாமல் போவது இப்படித்தான்.

அட்டவணையின் மூன்றாவது வரியை இன்னொரு முறை பாருங்கள். மொத்த வட்டியில் நாற்பது சதவீதம் அந்த ஒரே வரியில் இருக்கிறது. கட்டுமானக் கடனில் வட்டி எங்கே கரைகிறது என்று கேட்டால் நான் காட்டும் இடம் அதுதான்.

மேல்தளத்துக்கும் பூச்சுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்

மேல்தளக் கான்கிரீட் வரை எல்லாருக்கும் வேகம் இருக்கும். மழை வருகிறதே என்ற பயம், நல்ல நாள், கான்ட்ராக்டரின் உற்சாகம் எல்லாம் சேர்ந்து தள்ளும். வார்ப்பு முடிந்ததும் செண்ட்ரிங் பிரிக்க இரண்டு மூன்று வாரம். அதற்குள் கான்ட்ராக்டர் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார், அங்கேயும் மழைக்கு முன் வார்க்க வேண்டுமே. ஜூன் பிறந்தால் மழை. பாலக்காட்டின் மேற்குப் பக்கத்தைவிட நம் கிழக்குப் பக்கம் மழை குறைவுதான், ஆனாலும் வெளிப்பூச்சுக்கு அது போதும். எம்-சாண்ட் லோடு பெரும்பாலும் கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வருவது. சோதனைச் சாவடியில் பாஸ் பிரச்சினை என்றால் ஒரு வாரம் போய்விடும். பிறகு ஆடி. நம் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே மாதம் என்பதால் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்தே நிறுத்துவார்கள். அது கழிந்தால் ஓணம்.

வட்டிக்கு ஆடியும் கிடையாது, ஓணமும் கிடையாது. 21 லட்சம் எடுத்து வைத்திருக்கும்போது ஒரு நாளைக்கு 489 ரூபாய் ஓடுகிறது. நம் ஊர் மேஸ்திரியின் நாள் கூலியில் பாதியை நெருங்கும் தொகை. சைட்டில் யாருமே இல்லாத நாளிலும் அரை ஆள் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வேலை ஒப்பந்தத்தில் வார்ப்போடு நிற்காமல், உள்பூச்சும் வயரிங் குழாய் பதிப்பதும் எந்தத் தேதிக்குள் தொடங்க வேண்டும் என்று எழுதி வாங்குவது. உள்பூச்சுக்கும் வயரிங்குக்கும் மழை தடையில்லை, மேலே தளம் இருக்கிறது. கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை வார்ப்பு முடிந்ததும் கொடுக்காமல் உள்பூச்சு தொடங்கும் நாளுக்கு ஒதுக்கி வைத்தால், வாய்ப்பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, தேவைக்கு மேல் பணத்தை எடுக்காமல் இருப்பது. வார்ப்பு முடிந்ததும் 9 லட்சம் தருகிறோம் என்று வங்கி சொன்னால் அதை அப்படியே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. கம்பிக் கடையிலும் சிமெண்ட் கடையிலும் பாக்கி 5 லட்சம் என்றால், "இப்போது 5 லட்சம் போதும், மீதியை ஜூலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கலாம். நம் உதாரணத்தில் 4 லட்சத்தை ஜூலை 1 வரை தள்ளிப் போட்டால் 77 நாள் வட்டி, அதாவது 7,170 ரூபாய் மிச்சம். அந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் மூன்று சதவீதத்தைச் சுற்றித்தான் வட்டி கிடைத்திருக்கும். அதைக் கழித்தாலும் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் நமக்கு லாபம்.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு பத்து ரிலீஸாக உடைக்கப் போக வேண்டாம். ஒவ்வொரு ரிலீஸுக்கும் வங்கியின் பொறியாளர் வந்து பார்ப்பார், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அவர் தேதி கிடைக்கும் வரை வேலை நிற்கும். ஐந்து அல்லது ஆறு ரிலீஸ் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் எண்ணிக்கை.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

வீட்டுக்கடனுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளை வங்கி கட்டாயம் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதையும் கடன் அனுமதிக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடன் அதிகாரியிடம் உட்காருங்கள். எங்கள் பக்கத்தில் தாள்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத வரியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், கிளையில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

முதல் கேள்வி: முழுத் தவணை எப்போது தொடங்கும்? "கடைசி ரிலீஸுக்கு அடுத்த மாதம்" என்று வாயால் சொல்வார்கள். கடிதத்தில் பெரும்பாலும் இன்னொரு வரி சேர்ந்திருக்கும்: முதல் ரிலீஸிலிருந்து 18 மாதம், அல்லது வேறு ஏதோ ஒரு காலம், இவற்றில் எது முந்தியதோ அது. வீடு பாதியில் நின்றிருந்தாலும் அந்தத் தேதி வந்ததும் எடுத்த தொகைக்குத் தவணை ஓட ஆரம்பிக்கும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இது பெரிய அடி. சித்தூரில் 8,000 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டு 15,000 வட்டி கட்டுவது ஒரு மாதிரி, அதே வாடகையோடு 26,000 கட்டுவது வேறு மாதிரி.

இரண்டாவது: 20 வருடம் என்பது கட்டுமானக் காலத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்து என்றால் நம் உதாரணத்தில் தவணைக்கு 240 மாதம் கிடைக்காது. 11 மாதம் கழிந்து 229தான் மிஞ்சும். தவணை 26,035 அல்ல, சுமார் 26,517 ஆகும். மாதம் 480 ரூபாய் வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஓய்வு வயதை ஒட்டிக் கடன் எடுப்பவருக்கு அந்தப் பதினோரு மாதமே தகுதியை மாற்றிவிடலாம்.

மூன்றாவது: கட்டுமானக் காலத்தில் வட்டி கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? சில வங்கிகளில் "வீடு முடியும் வரை ஒன்றும் கட்ட வேண்டாம்" என்று ஒரு வசதி உண்டு. கேட்க இனிக்கும். கட்டாத வட்டி அசலோடு சேரும். நம் உதாரணத்தில் 1,66,400 ரூபாயை அசலில் சேர்த்தால் தவணை மாதம் 1,444 ரூபாய் கூடும். 240 மாதத்தில் அது மூன்றரை லட்சத்துக்குப் பக்கம். வட்டிக்கு வட்டியும் ஏறுவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடும். கட்ட முடிகிற மாதங்களில் வட்டியைக் கட்டிவிடுவதே நல்லது. முடியாத மாதத்துக்கு மட்டும் இந்த வசதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: காப்பீட்டு பிரீமியம் கடனோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா? கடனுக்கான உயிர்க்காப்பு பிரீமியத்தை ஒரே தொகையாகக் கடனில் சேர்த்து, செங்கல் ஒன்று வைக்கும் முன்பே முதல் ரிலீஸாக அதை எடுத்துவிடுவது வழக்கம். உங்கள் கைக்கு ஒரு பைசா வராமலே வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். உயிர்க்காப்பு எடுப்பது நல்லதுதான். ஆனால் கடனுக்கு அது சட்டப்படிக் கட்டாயம் அல்ல, அதே கிளையில்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வருடா வருடம் கட்டும் டெர்ம் பாலிசியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தொடக்கத்திலிருந்தே முழுத் தவணை கட்டலாமா?

கட்டலாம், பல வங்கிகள் சம்மதிக்கும். முதல் மாதத்தில் 6 லட்சத்துக்கு வட்டி 4,250 ரூபாய்தான். 26,035 கட்டினால் மீதி 21,785 அப்படியே அசலில் கழியும். ஒரு வருடம் இப்படிப் போனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் அசல் குறைந்திருக்கும். வலையில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது.

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஃபிளாட் வாங்குகிறவருக்கு விலை நிலையானது. சொந்தமாக வீடு கட்டுகிறவருக்கு அப்படி இல்லை. பாறை தட்டுப்படும், கம்பி விலை ஏறும், வீட்டம்மா ஜன்னலை மாற்றச் சொல்வார். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லையென்றால் நகையை வைக்க வேண்டும். நகைக்கடன் வட்டி பெரும்பாலும் வீட்டுக்கடனைவிடக் கூடுதல், தெருவில் வாங்கும் வட்டியைச் சொல்லவே வேண்டாம். 8.5 சதவீத அசலைக் குறைத்துவிட்டு அதைவிட அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்குவதில் என்ன புத்திசாலித்தனம்? அதனால் கட்டுமானம் நடக்கும்போது வட்டியை மட்டும் கட்டி, மீதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு முடிந்ததும் மிஞ்சியதை ஒரேயடியாக அசலில் கட்டலாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. அம்மா வீட்டில் வாடகையில்லாமல் இருந்துகொண்டு, இருவர் சம்பளம் வருகிறவர்கள் வேண்டுமானால் முதல் மாதத்திலிருந்தே முழுத் தவணை கட்டட்டும்.

மாதாமாதம் ஸ்டேட்மெண்டைச் சரிபார்ப்பது

இதற்குப் பத்து நிமிடம் போதும். கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டில் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, ரிலீஸ் தேதி. வட்டி எந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 அன்று ஒரு சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடன் அனுமதித்த நாளோ ஒப்பந்தம் போட்ட நாளோ கணக்கில்லை, பணம் உண்மையில் கொடுக்கப்பட்ட நாள்தான் கணக்கு. காசோலையாகக் கொடுத்தால் அதில் எழுதிய தேதி அல்ல, உங்கள் கையில் தந்த தேதி. மாத நடுவில் பணம் கொடுத்துவிட்டு அந்த மாதம் முழுவதற்கும் வட்டி போடுவதும் கூடாது. நம் உதாரணத்தில் ஜனவரிக்கு 22 நாள், 3,074 ரூபாய்தான் வர வேண்டும். ஸ்டேட்மெண்டில் 4,332 என்று இருந்தால் 31 நாளுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டுக் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் போக வேண்டியிருக்காது. முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

இரண்டாவது, ரிலீஸ் நடந்த மாதத்தின் வட்டி. இங்கேதான் தொகை இரண்டாகப் பிரியும். ஏப்ரலில் முதல் 14 நாள் 12 லட்சத்துக்கு 3,912 ரூபாய், பிந்தைய 16 நாள் 21 லட்சத்துக்கு 7,825 ரூபாய், மொத்தம் 11,737. மாதம் முழுவதும் 21 லட்சத்துக்கு என்று போட்டால் 14,671 ஆகிவிடும்.

மூன்றாவது, வட்டி விகிதம். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தப்பட வேண்டியவை. கட்டுமானம் நடக்கும்போதே ரெப்போ குறைந்தால் உங்கள் ப்ரீ இ.எம்.ஐ.யும் குறைய வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் இந்த விதிக்குள் வருவதில்லை, அவற்றின் சொந்த அளவுகோல் வேறு.

இன்னொரு சிறு விஷயம். ப்ரீ இ.எம்.ஐ. மாதாமாதம் மாறும் தொகை. போன மாதம் 8,663 போனது என்று அதையே கணக்கில் வைத்திருந்தால், ரிலீஸ் வாங்கிய மாதம் கணக்கில் 11,737 இல்லாமல், தானாகப் பணம் பிடிக்க வங்கிக்குக் கொடுத்த உத்தரவு திரும்பிவிடும். அபராதமும் விழும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ரிலீஸ் வாங்கிய அன்றே அடுத்த மாதம் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

கோயம்புத்தூர்க் கிளையா, உள்ளூர்க் கிளையா

எல்லைப் பக்கத்தில் நிறையப் பேருக்குச் சம்பளக் கணக்கு கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். அங்கேயே கடன் கேட்பது இயல்பு. நிலம் கேரளத்தில் இருப்பதால் முன்னாதாரம், கைவசச் சான்று, கரம் கட்டிய ரசீது, பஞ்சாயத்தின் பெர்மிட் எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். அதைப் படிக்கக் கேரளத்து வக்கீல் வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சைட்டுக்கு வரும் பொறியாளர் வங்கியின் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும். அந்தக் கிளைக்கு நம் பக்கம் ஆள் இருக்கிறாரா, கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர் இரண்டு வாரம் தாமதித்தால் புதுப் பணத்துக்கு வட்டி ஏறாது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே எடுத்த 12 லட்சத்துக்கோ 21 லட்சத்துக்கோ அந்த இரண்டு வாரமும் ஓடிக்கொண்டிருக்கும், சைட்டில் வேலையும் நின்றிருக்கும். வட்டி கால் சதவீதம் குறைவு என்பதற்காகத் தொலைவான கிளையைப் பிடிக்கும் முன் இதையும் எடை போடுங்கள்.

லிண்டல் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே விண்ணப்பம், போட்டோ, பொறியாளரின் நிலைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைப்பது இந்த இடைவெளியைக் குறைக்கும்.

கடைசி ரிலீஸில் இன்னொரு முடிச்சு உண்டு. வேலை முடிந்த சான்றோ பஞ்சாயத்து வீட்டு எண்ணோ வந்தால்தான் கடைசிப் பாகம் என்று கேட்கும் கிளைகள் உண்டு. பெர்மிட் பிளானில் இல்லாத ஒரு அறையோ, எல்லையில் விட வேண்டிய இடத்தைத் தின்ற ஒரு சன்ஷேடோ இருந்தால் எண் கிடைப்பது இழுக்கும். அதே சமயத்தில்தான் வில்லேஜ் ஆபீஸில் ஒருமுறை கட்டட வரியும் வரும். 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீட்டுக்கு அது உண்டு, நம் 1,200 சதுர அடி வீடு 111 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. 2025 நவம்பர் வரை, சொந்த வீட்டின் கட்டுமானச் செலவு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதத் தொழிலாளர் நல செஸ்ஸும் இருந்தது, புதிய சட்டத்தொகுப்பில் அந்த வரம்பு 50 லட்சம். கடைசி 3 லட்சத்தை நம்பி டைல்ஸ் கடையில் பாக்கி வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். 27 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 629 ரூபாய் ஓடும் நேரம் அது.

வருமான வரி: எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

"ப்ரீ இ.எம்.ஐ. வட்டியை ஐந்து பாகமாக வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24(பி) பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியை, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பாகமாகக் கழிக்கலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு வரம்பு எல்லாம் சேர்த்து 2 லட்சம். புதிய 2025 சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் வரம்பு அதேதான். குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

நம் உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். வீடு 2025 டிசம்பரில் முடிந்ததால், ஐந்தாகப் பிரியும் வட்டி 2025 மார்ச் 31 வரை ஓடிய 15,649 ரூபாய் மட்டும். வருடத்துக்கு 3,130 ரூபாய். ஏப்ரலுக்குப் பின் கட்டியது அந்த ஆண்டின் வட்டியாகவே கணக்கில் வரும், அதுவே தவணை வட்டியோடு சேர்ந்து 2 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அடுத்த ஆண்டின் வட்டியோ இரண்டரை லட்சம். வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அந்த 3,130 ரூபாய்க்கு உட்கார இடமே இல்லை. 30 லட்சக் கடனை ஒருவர் பெயரில் மட்டும் எடுத்திருந்தால், ப்ரீ இ.எம்.ஐ.க்கு வரியில் கிடைப்பது நடைமுறையில் பூஜ்யம்.

கணவன் மனைவி இருவரும் வீட்டுக்குக் கூட்டு உரிமையாளர்களாகவும் கடனில் கூட்டாளிகளாகவும் இருந்து, இருவரும் பழைய முறையில் வரி கட்டினால் நிலைமை மாறும். ஆளுக்கு 2 லட்சம் வரம்பு, ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் வட்டி, ஐந்தில் ஒரு பாகத்துக்கும் இடம் இருக்கும். கடன் தாளில் மட்டும் இரண்டு பெயர் இருந்தால் போதாது, வீட்டின் உரிமையிலும் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மனை பெரும்பாலும் ஒருவர் பெயரிலேயே, பல சமயம் அப்பா அம்மா பெயரிலேயே கிடக்கிறது. இதைத் திருத்துவதானால் மனைப் பத்திரத்தை வங்கியில் ஈடு வைக்கும் முன் திருத்த வேண்டும். ஈடு வைத்த பிறகு பெயர் சேர்க்க வங்கியின் சம்மதம் வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை.